மாவும் மெழுகுவத்தியும்

இந்த ஊரில் என்னைவிடப் புத்திசாலி கிடையாது என்று நான் நம்பிக்கொண்டிருந்த கடைசி வருடம் 2008. அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. எம்.சி.ஏ. முடித்துவிட்டு, சென்னையில் வேலை கிடைக்காமல், புதுப்பட்டினம் கடைத்தெருவில் நைனாவின் மளிகைக் கடைக்கே திரும்பி வந்திருந்தேன். வந்தவன் சும்மா இருந்திருக்கலாம். கடையில் கம்ப்யூட்டர் பில் போட்டே தீருவேன் என்று நின்று, போட்டும் விட்டேன்.

எங்களுக்கு இரண்டு ஷட்டர். ஒன்று மளிகை. பக்கத்து ஷட்டர் மருந்துக் கடை, அதைப் பார்த்துக்கொண்டவர் ஜெபசிங் அண்ணன். இரண்டு கடைக்கும் ஒரே பில் மென்பொருள். எந்த நாளில் எந்தச் சாமான் எத்தனை போனது என்று ஒரு பொத்தானைத் தட்டினால் வந்துவிடும். நைனா அதைப் பார்த்துவிட்டு, "இத்த வெச்சு இன்னாடா பண்ணப் போற?" என்று கேட்டார். பார்த்துக்கொண்டே இருங்கள் என்றேன்.

அந்த ஆனி, ஆடி மாதங்களில் எங்கள் பக்கம் வயிற்றுப்போக்கு அதிகமாக இருந்தது. கடைக்குப் பின்னால் நாற்பத்தெட்டு வீடுகள் கொண்ட அலைமகள் பிளாட்டில்தான் ரொம்ப. அதற்குக் கரைத்துக் குடிக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் சில நாள் மூன்று போகும், சில நாள் முப்பது போகும். ஏன் இப்படி ஏறி இறங்குகிறது என்று பார்க்க உட்கார்ந்தேன். வயிற்றைக் கெடுப்பது சாப்பாடாகத்தான் இருக்கும் என்று, கெட்டுப்போகக்கூடிய சாமான்களை மட்டும் எடுத்துக்கொண்டேன்: பால், தயிர், பன்னீர், பிரட், இட்லி மாவு. நூற்று இருபது நாள் கணக்கு. ஒவ்வொன்றின் விற்பனையையும், அதற்கு இரண்டு நாள் கழித்துப் போன ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இன்று வாங்குவது நாளைக்குச் சாப்பிட, வயிறு கலங்குவது மறுநாள் என்று ஒரு கணக்கு.

பாலுக்கு ஒன்றும் இல்லை. தயிருக்கு ஒன்றும் இல்லை. மாவுக்கு வந்தது 0.78.

சும்மா ஒரு எண் இல்லை அது. இரண்டும் ஒட்டிப் பிறந்த மாதிரி ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால் 1 வரும். சம்பந்தமே இல்லையென்றால் 0 பக்கம் நிற்கும். 0.78 என்றால் வரைபடத்தில் இரண்டு கோடும் கைகோத்துக்கொண்டு போகும். எனக்குப் பெருமை தாங்கவில்லை. உடனே நைனாவைக் கூப்பிட்டேன்.

மாவு சந்திரம்மாவுடையது. சதுரங்கப்பட்டினத்தில் காலனியில் வீடு. புருஷன் இல்லை. ஒரு காலத்தில் அவள் அம்மாவும் அவளும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். கூலி வேலையை விட்டுவிட்டு, மகளிர் குழுவில் கடன் வாங்கிப் பெரிய கிரைண்டர் போட்டு, 'சந்திரம்மா இட்லி மாவு' என்று சிவப்பு எழுத்தில் கவர் அடித்து, நீலப் பிளாஸ்டிக் தட்டுகளில் வைத்து எங்கள் கடைக்கு ஷேர் ஆட்டோவில் கொண்டுவருவாள். அந்தக் கவரின் மேல் அவளுக்கு அப்படி ஒரு ஆசை. ஓரம் மடங்கியிருந்தால் நீவி விட்டுத்தான் அடுக்குவாள்.

நைனா வரைபடத்தைப் பார்த்தார். அவருக்கு எண் புரியவில்லை, கோடு புரிந்தது. "அட, ஆமாண்டா" என்றார். அன்று சாயங்காலமே அவளுக்குப் போன் போட்டு இனிமேல் மாவு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஏன் என்று அவள் மூன்று தடவை கேட்டது எனக்கே கேட்டது. "பையன் கம்ப்யூட்டர்ல பாத்துகீறான்மா" என்று வைத்துவிட்டார்.

அதோடு நின்றிருந்தாலாவது பரவாயில்லை. பிளாட் சங்கச் செயலாளர் ராஜேந்திரன் சார் கடைக்கு வந்தார். நாலு வயசு மகள் வயிற்றுப்போக்கில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து வந்த நேரம். மனிதர் முகத்தில் தூக்கம் இல்லை. நான் வரைபடத்தைக் காட்டினேன். அவர் அதை அப்படியே கேட்டார். நான் அச்செடுத்து, மேலே 'சந்திரம்மா மாவும் வயிற்றுப்போக்கும்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பும் போட்டுக் கொடுத்தேன். தலைப்பு அவர் கேட்கவில்லை. அது என் சொந்தச் சரக்கு.

மறுநாள் அது பிளாட் அறிவிப்புப் பலகையில் இருந்தது. அதற்கு மறுநாள் தெரு முழுக்கப் பேச்சு. "அங்க தண்ணி எப்படி இருக்குமோ", "கை கழுவுறாங்களோ என்னவோ" என்று நன்றாகப் படித்த வாய்களே சொல்லின. 'அங்க' என்றால் எங்கே என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. அந்த மாவை வேறு தெருவில், வேறு வீட்டில் யாராவது ஆட்டியிருந்தால் இதே ஜனம் என்னிடம் நூறு கேள்வி கேட்டிருக்கும். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நானும் ஒரு கேள்வி கேட்கவில்லையே.

அடுத்த எட்டு நாளில் ஓ.ஆர்.எஸ். விற்பனை தரையைத் தொட்டது. இரண்டு, மூன்று, ஒன்று. ஜெபசிங் அண்ணன் சிரித்தார்: "இனியா, என் வியாபாரத்துல மண்ணள்ளிப் போட்டுட்டியே!" ராஜேந்திரன் சார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம், சுகாதார ஆய்வாளர் வருகிறார், சந்திரம்மாவின் கிரைண்டருக்குச் சீல் வைக்கச் சொல்லி நாற்பத்தெட்டு வீடும் கையெழுத்துப் போட்டு மனு கொடுக்கப் போகிறோம், நீதான் வந்து விளக்க வேண்டும் என்றார். நைனா பக்கத்தில் நின்று மீசையைத் தடவிக்கொண்டார்.

சனிக்கிழமை மத்தியானம் வரை நானும் அந்த மிதப்பில்தான் இருந்தேன். கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நைனா சாப்பிடப் போயிருந்தார். ஜெபசிங் அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"இனியா, இன்னைக்குக் காலைல இருந்து ஓ.ஆர்.எஸ். இருபத்தாறு போயிருச்சு. எல்லாம் பிளாட் ஆளுங்கதான்."

"மாவுதான் இல்லியே அண்ணே!"

"அது எனக்கு எப்படித் தெரியும்? உன் கம்ப்யூட்டரைக் கேளு."

ராஜேந்திரன் சாருக்குப் போன் போட்டேன். அவர் அசரவில்லை. "அந்த அம்மா திருட்டுத்தனமா வீடு வீடா விக்கிறா போல. அதான் சீல் வைக்கணும்கிறேன்" என்றார். அந்தப் பதில் எவ்வளவு சௌகரியமாக இருந்தது தெரியுமா? மாவு இருந்தாலும் மாவுதான் காரணம், இல்லாவிட்டாலும் மாவுதான் காரணம். அங்கேதான் எனக்கு முதல் தடவை சந்தேகம் தட்டியது.

பில் கணக்கைத் திறந்தேன். இந்தத் தடவை கெட்டுப்போகும் சாமான் என்று பொறுக்கவில்லை. கடையில் இருந்த முந்நூற்றுச் சொச்சம் சாமானையும் ஓ.ஆர்.எஸ்.ஸோடு ஒத்துப் பார்க்க விட்டேன். அத்தனை சாமானில் ஒன்றிரண்டு தற்செயலாக ஒத்துப்போகும், அது எனக்குத் தெரியும். ஆனால் பட்டியலின் தலையில் நின்றவை ஒரே குடும்பத்து ஆட்கள். முதலில் மெழுகுவத்தி, 0.86. அடுத்து டார்ச் பேட்டரி. அப்புறம் தீப்பெட்டி, கொசுவத்தி. இட்லி மாவு ஐந்தாவது இடத்தில்.

மெழுகுவத்தியைத் தின்று யாருக்கும் வயிற்றால் போனதில்லை.

கரண்ட்! அணுமின் நிலையத்துக்கு மூக்குக்கு நேராகக் குடியிருந்தும், அந்த வருடம் எங்கள் தெருவில் சில நாள் சாயங்காலம் கரண்ட் போகும். என்றைக்குப் போகும், எத்தனை மணி நேரம் போகும் என்று ஒரு கணக்கும் கிடையாது. கரண்ட் போனால் மெழுகுவத்தி விற்கும், மின்விசிறி இல்லாததால் கொசுவத்தி விற்கும். வீட்டுக் கிரைண்டர் ஓடாது, ஊறப்போட்ட அரிசி ஊறியபடியே கிடக்கும், பெண்கள் கடைக்கு வந்து மாவு பாக்கெட் வாங்குவார்கள். சதுரங்கப்பட்டினத்துக்கு வேறு லைன். அங்கே கட் ஆகிற நேரம் வேறு. அதனால் சந்திரம்மாவுக்கு ஆட்டத் தடையில்லை. மாவு விற்றதற்குக் காரணம் கரண்ட். அப்படியானால் வயிற்றுப்போக்குக்கும்?

பால் கெடாமல் இருக்க, கரண்ட் போனால் நாங்கள் ஜெனரேட்டர் போடுவோம். என்றைக்குப் போட்டோம் என்று நைனா ஒரு நோட்டில் தேதி எழுதி வைப்பார். அந்த நோட்டை எடுத்து நூற்று இருபது நாளை இரண்டாகப் பிரித்தேன். கரண்ட் போன நாள் முப்பத்தெட்டு. போகாத நாள் எண்பத்திரண்டு.

போகாத நாட்களிலும் மாவு ஏறி இறங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைக் காலை தோசைக்காகச் சனிக்கிழமைகளில் அறுபது பாக்கெட் கூடப் போயிருக்கிறது. ஆனால் அதற்கு இரண்டு நாள் கழித்து ஓ.ஆர்.எஸ். அதே மூன்று, நான்கு. ஒத்துப்போகும் எண்ணைப் போட்டுப் பார்த்தேன்: 0.05. கரண்ட் போன நாட்களை மட்டும் தனியாகப் பார்த்தேன். மாவு அதிகம் போன நாளும் சரி, சந்திரம்மா மகளுக்குப் பிரசவம் என்று மாவே வராத நாலு நாளில் கரண்ட் போன இரண்டு நாளும் சரி, ஓ.ஆர்.எஸ். இருபதுக்கு மேல்தான். எண் 0.08.

0.78 எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. அது முதலிலேயே இல்லை. இரண்டு வேறு வகை நாட்களை நான் ஒரே கும்பலாகக் கலந்ததில் கிளம்பிய புகை அது. மாவை நிறுத்திய எட்டு நாள் ஏன் வயிற்றுப்போக்கு இல்லை என்றும் புரிந்தது. ஏதோ திறப்பு விழாவுக்கு அமைச்சர் வருகிறார் என்று அந்த எட்டு நாளும் கரண்டே போகவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் இரண்டு மணி நேரம் போனது. இன்று சனி.

வெட்கம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. சட்டை நனைகிற வெட்கம்.

பைக்கை எடுத்துக்கொண்டு சதுரங்கப்பட்டினம் போனேன். டச்சுக் கோட்டைக்குப் பின்னால் திரும்பி, விசாரித்து விசாரித்துத்தான் வீட்டைக் கண்டுபிடித்தேன். மாதக்கணக்காக அவள் மாவை விற்றிருக்கிறேன், வீடு தெரியாது. வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"இன்னா தம்பி, சீல் வைக்கிறதுக்கு முன்னாடி அளவெடுக்க வந்தியா?"

எல்லாவற்றையும் சொன்னேன். கரண்ட், மெழுகுவத்தி, நைனாவின் நோட்டு. அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"இத்த கண்டுபுடிக்கவா கம்ப்யூட்டரு? தெனம் சாயங்காலம் போன் போட்டு, 'தம்பி, உங்க பக்கம் கரண்ட் கீதா, போச்சா'ன்னு கேக்கலை நானு? போச்சுன்னா அம்பது பாக்கெட், இருந்தா இருவது, சனிக்கெழமைன்னா மட்டும் அறுவது. அத்த வெச்சுத்தான கட்டுவேன். நீதான எடுத்துப் பதில் சொல்லுவ?"

நான்தான் சொல்வேன். "போச்சுக்கா" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். என் வாயிலிருந்தே போன விஷயம் என் கணக்கில் ஒரு வரிசையாக ஏறவில்லை. அது பில் போட்ட சாமான் இல்லையே.

"நாளைக்குக் கூட்டத்துல சொல்லிடறேங்க்கா."

"பத்து நாளா குழுப் பொம்பளைங்களே என் வூட்டு டீ குடிக்கல. பேரப்புள்ள பொறந்துகீது, எட்டிப் பாக்க ஒருத்தி வரல" என்றாள். குரல் உடைந்ததும் தலையைக் குனிந்துகொண்டு பாத்திரத்தைத் தேய்த்தாள். "சொல்லு. சொல்லிட்டு வந்து பேசு."

ஞாயிறு காலை நைனா வண்டிச் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "நாப்பத்தெட்டு வூடும் நம்ம கிராக்கிடா. இன்னைக்கு மாவு இல்லன்னுவ, நாளைக்கு எவனாச்சும் உன் பில்லையே நம்புவானா? வூட்ல படு. நான் சளி ஜொரம்னு சொல்லிக்கிறேன்." சாவியை வைத்துக்கொள்ளுங்கள் என்று நடந்தே போனேன். நடக்கும் தூரம்தான். பின்னாலேயே அவரும் வந்தார், திட்டிக்கொண்டே.

பிளாட்டின் கீழே வண்டி நிறுத்தும் இடத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். அறுபது பேர் இருக்கும். சுகாதார ஆய்வாளர் வரலட்சுமி அம்மா மடியில் ஒரு சின்னப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். மனு அவர் முன்னால் இருந்தது, கையெழுத்தெல்லாம் ஆகிவிட்டிருந்தது. ராஜேந்திரன் சார் என்னை அறிமுகம் செய்து பெருமையாகப் பேசினார். பலகையில் என் வரைபடம் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

"இந்த வரைபடம் தப்பு. போட்டவன் நான், நானே சொல்றேன்" என்றேன். மெழுகுவத்தியிலிருந்து ஆரம்பித்தேன். சிலர் சிரித்தார்கள். கரண்ட் போன நாள், போகாத நாள் என்று பிரித்த கணக்கைச் சொல்லும்போது சிரிப்பு நின்றது.

"அப்ப என் பொண்ணு எதனால படுத்தா? கரண்ட் போனா வயித்தால போகுமாய்யா?" ராஜேந்திரன் சார் எழுந்துவிட்டார். "அந்தப் பொம்பளை உனக்கு என்ன குடுத்தா?"

"சார், கரண்ட் போனா வேற ஏதோ நடக்குது. என்னன்னு எனக்குத் தெரியல. மாவு இல்லன்னு மட்டும் தெரியும்."

"தெரியலன்னா எதுக்கு வந்த?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். நைனா என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். நான் நகரவில்லை.

வரலட்சுமி அம்மா பேனாவை மூடினார். "இங்க தண்ணி எப்ப வருது?"

"சாயங்காலம் அஞ்சரைல இருந்து ஏழரை" என்று பல குரல்கள். பஞ்சாயத்து மோட்டார் இந்த லைனுக்கு நேராகவே தண்ணீர் அடிக்கும், நடுவில் மேல்தொட்டி கிடையாது.

"நடுவுல கரண்ட் போனா பஞ்சாயத்து மோட்டார் நின்னுடும். குழாய் காலியாயிடும். அப்ப உங்க மோட்டார்?"

வாட்ச்மேன் பாலசுப்ரமணியன்தான் வெள்ளந்தியாகச் சொன்னார். "நம்ம மோட்டாருக்கு மட்டும் ஜெனரேட்டர் கீதும்மா. அது பாட்டுக்கு ஓடிகினே இருக்கும். லைன்லயே மாட்டி வெச்சுகீறோம், தண்ணி நல்லா உறிஞ்சும்."

ஆய்வாளர் முகம் மாறிவிட்டது. "காலிக் குழாய உறிஞ்சினா என்ன வரும்? குழாய்ல ஒரு இணைப்பு ஒழுகினாப் போதும், வெளில இருக்கிறதெல்லாம் உள்ள வரும். உங்க லைன் சாக்கடையத் தாண்டித்தானே வருது?"

கீழ்த்தொட்டி மூடியைத் திறக்கச் சொன்னார். பெட்டியிலிருந்து ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்துத் தண்ணீர் மொண்டு, மருந்து சில சொட்டு விட்டார். குளோரின் இருந்தால் மஞ்சளாகும் என்றார். அறுபது பேரும் அந்தக் குழாயையே பார்த்தோம். தண்ணீர் வெறும் தண்ணீராகவே நின்றது.

"இது மட்டும் முடிவில்ல. மாதிரி எடுத்து லேபுக்கு அனுப்பறேன். அதுவரைக்கும் காய்ச்சாம யாரும் குடிக்காதீங்க. லைன்ல மாட்டின மோட்டார இன்னைக்கே கழட்டுங்க." மனுவை இரண்டாக மடித்து ராஜேந்திரன் சாரிடம் திருப்பிக் கொடுத்தார். அவர் வாங்கிக்கொண்டு, மாடியில் தன் வீட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பாவமாக இருந்தது.

ஒரு வாரத்தில் எல்லாம் வெளியே வந்தது. தண்ணீரில் மலக்கிருமி என்று லேப் எழுதியது. சாக்கடைக்குள் மூழ்கிக் கிடந்த இணைப்பில் விரல் நுழையும் அளவு விரிசல். குழாயை மாற்றினார்கள். அடுத்த தடவை கரண்ட் போனபோது மெழுகுவத்தி வழக்கம்போல் விற்றது. இரண்டு நாள் கழித்து ஓ.ஆர்.எஸ். நான்குதான்.

சங்கம் ஒரு சுற்றறிக்கை விட்டது: 'குறிப்பிட்ட ஒரு உணவுப்பொருள் பற்றிய தகவல் திரும்பப் பெறப்படுகிறது.' எனக்கு அது போதாது என்று பட்டது. கடை முகப்பில், எல்லார் கண்ணிலும் படும்படி நானே எழுதி ஒட்டினேன்: 'எங்கள் கடையில் விற்ற இட்லி மாவால் யாருக்கும் உடல்நலம் கெடவில்லை. தவறாகச் சொன்னது நான். மன்னிக்கவும். இனியன்.' நைனா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் சந்திரம்மாவுக்குப் போன் போட்டு, வந்து போகச் சொன்னதும் அவர்தான்.

அவள் வந்தாள். நைனா நாற்காலியை எடுத்துப் போட்டார். அவள் உட்காராமல் அறிவிப்பின் முன்னால் போய் நின்று எழுத்துக் கூட்டிப் படித்தாள். பாராட்டுவாள் என்றுகூட எனக்கு ஒரு நப்பாசை.

"என் பேரு எங்க தம்பி?"

எனக்குப் புரியவில்லை.

"கெட்டதுன்னு போட்டப்ப 'சந்திரம்மா மாவு'ன்னு இம்மாம் பெருசா போட்ட. நல்லதுன்னு போடறப்ப வெறும் மாவா?"

தலைகுனிந்து போய் மார்க்கர் பேனாவை எடுத்து வந்தேன். 'இட்லி மாவால்' என்பதற்கு மேலே இடம் போதவில்லை. அந்தக் காகிதத்தைக் கிழித்துவிட்டு, புதிதாக ஒன்று எடுத்து, 'சந்திரம்மா இட்லி மாவால்' என்று முதல் வரி முழுக்க வரும்படி எழுதி ஒட்டினேன். பால் வாங்க வந்த இரண்டு பேர் நின்று படித்தார்கள். அவர்கள் படித்து முடிக்கும்வரை அவளும் நின்றாள்.

"நாளையிலேருந்து எத்தனை பாக்கெட் போடறீங்கக்கா?" என்றேன்.

"கிரைண்டர வித்துட்டேம்பா. தவணை கட்ட முடியல, குழுவுல நெருக்கினாங்க." கடை மூலையில் கிடந்த தன் நீலத் தட்டுகள் நாலையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினாள். "மாவலிபுரத்துல ஒரு ஓட்டல்ல மாவாட்ட சேந்துகீறேன். தட்டு எடுத்துகினு போவத்தான் வந்தேன்."

நைனா தான் போட்ட நாற்காலியை ஓரமாக இழுத்து வழி விட்டார்.

"அங்க அவங்க மாவுன்னுதான் விக்கும், என் பேரு இருக்காது" என்றாள். தட்டுகளை இடுப்பில் ஏந்திக்கொண்டு படியிறங்கினாள். "அதான், இதுலயாச்சும் இருக்கட்டும்னு கேட்டேன்."